அடிக்கோடு சாய்ந்த கதை

கீழ்பென்னாத்தூரில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து பௌர்ணமிக்கு வேன் பிடித்துத் திருவண்ணாமலை போவதாக வைத்துக்கொள்வோம். வேன் நேரம் மாறிவிட்டது. ஏற்பாடு செய்தவர் வாட்ஸ்அப் குழுவில் இப்படித் தட்டுகிறார்:

```
*பௌர்ணமி கிரிவலம்*
வேன்: ~மாலை 5~ *மாலை 6*
_குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை_
- தண்ணீர் பாட்டில்
- குடை
```

அனுப்பியதும் குறிகள் மறைந்துவிடும். தலைப்பு தடிக்கும், 5 மணியின் மேல் கோடு விழும், ஹைஃபன்கள் புள்ளிகளாகும், குழந்தைகள் பற்றிய வரி சாயும். இதில் ஒன்று மட்டும் விளங்காது. கீழே போடும் கோடு ஏன் எழுத்தைச் சாய்க்கிறது?

விடை டைப்ரைட்டரில் இருக்கிறது. அதில் எழுத்துக்கு ஒரே தடிப்பு, ஒரே நிமிர்வு. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் அதை அடித்து முடித்துவிட்டு, பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னால் வந்து, அதன் அடியிலேயே கோடு அடிப்பார்கள். அந்த பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்காது, காகிதத்தை ஓர் எழுத்து தூரம் நகர்த்தும், அவ்வளவுதான். தவறான சொல்லை நீக்குவதற்கும் இதே வழிதான்: திரும்பி வந்து அதன்மேல் x வரிசையோ ஹைஃபன் வரிசையோ அடிப்பார்கள். இப்படிக் கோடிட்ட ஆங்கிலப் பிரதி அச்சகத்துக்குப் போனால், அச்சுக் கோப்பவர் கோட்டை அச்சிட மாட்டார். அந்தச் சொல்லைச் சாய்வெழுத்தில் கோப்பார். கையெழுத்துப் பிரதிக் காலத்திலிருந்தே அச்சகங்களில் அதுதான் வழக்கம். அடிக்கோடு சாய்ந்தது அங்கேதான்.

கணினிக்கு வந்தபோது இந்தக் குறிகளின் வேலை மாறியது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையின் 1963 பதிப்பில் அடிக்கோடும் இல்லை, ~ குறியும் இல்லை. 1967 திருத்தத்தில்தான் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. அப்போதும் ஒன்றின்மேல் ஒன்று அடிக்கும் எண்ணம் போகவில்லை. n அடித்து, பின்வந்து ~ அடித்தால் ஸ்பானிய ñ கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். திரை அதற்கு இடம் தரவில்லை. திரையில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்துதான். மேலே இன்னொன்று வந்தால் முந்தையது போய்விடும். ஆகவே மின்னஞ்சல் எழுதியவர்கள் கோட்டைச் சொல்லின் அடியிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் வைத்தார்கள். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் நட்சத்திரம். பெரும்பாலும் கணினி அதை மாற்றிக் காட்டவில்லை. படிப்பவர் கண்ணே புரிந்துகொண்டது.

2004-இல் ஜான் க்ரூபர், ஆரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு, மார்க்டவுன் என்ற முறையை வெளியிட்டார். மின்னஞ்சல் வழக்கத்தையே விதியாக்கி, குறிகளை நிஜமான தடிப்பாகவும் சாய்வாகவும் மாற்றும் நிரல் அது. அதில் ஒற்றை நட்சத்திரம் சாய்வு, இரட்டை நட்சத்திரம் தடிப்பு. 2016-இல் வாட்ஸ்அப் இதை எடுத்தபோது ஒற்றை நட்சத்திரத்தையே தடிப்பாக்கியது, ஒற்றை ~ குறியை அடித்தலாக்கியது. புள்ளிப் பட்டியல் 2024-இல்தான் வந்தது. ஹைஃபனுக்குப் பின் ஓர் இடைவெளி விட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது உருபு. நட்சத்திரம் சொல்லை உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், வெளிப்பக்கம் எழுத்து ஒட்டக் கூடாது. `வேன்: * மாலை 6 *` என்று உள்ளே இடைவெளி விட்டால் நட்சத்திரம் அப்படியே நிற்கும். `*திருவண்ணாமலை*க்கு` என்று உருபை வெளியே தொங்கவிட்டாலும் அதே கதைதான். ஆங்கிலத்தில் விகுதி குறைவு, இந்தச் சிக்கல் அபூர்வம். நமக்கோ ஒவ்வொரு சொல்லும் வால் நீட்டுகிறது. `*திருவண்ணாமலைக்கு*` என்று உருபையும் சேர்த்தே மூடிவிடுவது நல்லது. எண்டர் தட்டிப் பல வரிகளாகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனியாகத் திறந்து மூட வேண்டும்.

சாய்வு தமிழுக்கு ஒத்துவரவில்லை என்பது என் கருத்து. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் கிடையாது. போன் நிமிர்ந்த எழுத்தையே பிடித்துச் சாய்க்கிறது. சுழிகளும் கொம்புகளும் நெருங்கி, சிறிய திரையில் படிக்கச் சிரமம். நம் அச்சிலும் அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தைத்தான் நாடினோம். நான்கில் மிகவும் பயனுள்ளது அடித்தல்தான். பழைய நேரத்தை அழித்துவிட்டு 6 என்று மட்டும் போட்டால், காலையில் 5 என்று படித்தவருக்கு எது சரி என்று குழப்பம். அடித்த 5-ம் பக்கத்தில் தடித்த 6-ம் இருந்தால் மாறியது என்ன என்பதே தெரிந்துவிடுகிறது.

செய்தி பயணப்படும்போது தடிப்பு கூடப் போவதில்லை, நட்சத்திரம்தான் போகிறது. பெறுகிறவர் போன்தான் அதைத் தடிப்பாக வரைகிறது. அதனால் அதே வேன் செய்தியை நகலெடுத்து, பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் குறிகள் எல்லாம் வெளியே தெரியும். நட்சத்திரமாவது பரவாயில்லை. `~மாலை 5~` என்பதை அவர் ‘மாலை 5’ என்றே படிப்பார், ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பார். அவருக்கு அனுப்பும்போது குறிகளை எடுத்துவிட்டு, ‘வேன் 5 மணிக்கு இல்லை, 6 மணிக்கு’ என்று சொல்லாலேயே எழுத வேண்டும்.