தோட்டத்தில் இணையம் தடுமாறுகிறதா? வாரத்திற்கு ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள்

தோட்டப்புற வீடுகளில் அலைவரிசை பலவீனமாக இருந்தால், எஸ்பிஎம் மாணவர்கள் பாடங்களைப் பட்டணத்திலேயே பதிவிறக்கம் செய்துகொள்வது நல்லது. ஒரு பாடநூலின் பிடிஎஃப் கோப்பு 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் அதை இறக்க 40 நிமிடத்திற்கும் மேலாகும். 10 மெகாபிட் வேகமுள்ள வைஃபையில் அரை நிமிடம் போதும்.

ஆசிரியர் கூகல் டிரைவில் போட்ட கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தாலே அது கைப்பேசியில் சேர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கோப்பின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Make available offline என்பதைத் தேர்வு செய்ய வேண்டும்.

பட்டணத்திலிருந்து கிளம்பும் முன் கைப்பேசியை Airplane mode-இல் போட்டு, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்து, ஒவ்வொரு கோப்பையும் கடைசிப் பக்கம் வரை திறந்து பாருங்கள். திறக்காததை அங்கேயே மீண்டும் இறக்கிவிடலாம்.

சனிக்கிழமை இறக்கும்போதே அட்டவணையும் போட்டுவிடுங்கள்: திங்கள் வரலாறு ஓர் அத்தியாயம், செவ்வாய் கணிதத்தில் பழைய தேர்வுத்தாள், புதன் விடை சரிபார்ப்பு. விடைத்தாளையும் சேர்த்தே இறக்குங்கள். அதை மறந்தால் புதன்கிழமைப் படிப்பு நின்றுவிடும். புரியாத கேள்விகளை நோட்டில் எழுதி வைத்து, ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பலாம். காணொளியைவிட அதற்கு மிகக் குறைந்த டேட்டாதான் செலவாகும்.