மேக்கா, டூவா? சேவா, டெல்லா? பொருத்துக கேள்வியின் பின்னால் ஒரு வரலாறு

இந்த எபிசோடை நம்ம கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைத் தோட்டத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். பந்தல் போடுவாங்க. உரம் வைப்பாங்க. களை எடுப்பாங்க. மருந்து அடிப்பாங்க. தண்ணி பாய்ச்சுவாங்க. இதுல யாராவது "மருந்து எடுத்தேன், களை அடிச்சேன்"னு சொன்னா, ஆள் வெளியூர்னு உடனே தெரிஞ்சிடும். போடி பக்கம் ஏலக்காய் வியாபாரத்துக்கு வாங்க. ஏலம் விடுறவர் ஒருத்தர், ஏலம் கேட்கிறவர் ஒருத்தர், ஏலம் எடுக்கிறவர் ஒருத்தர். பெயர்ச்சொல் ஒண்ணுதான். வினை மாறினா ஆளே மாறிடுறார்.

இப்படி ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும்னு மொழி பழக்கத்தால முடிவு பண்ணி வைக்கிற ஜோடிக்கு ஆங்கிலத்துல கொலொகேஷன்னு பேர். தமிழ்ல சொற்சேர்க்கைன்னு வெச்சுக்கலாம். இங்கிலீஷ் பாடத்துல நாம அதைச் சந்திக்கிற இடம் பொருத்துக கேள்வி. இடது பக்கம் மேக், டூ, சே, டெல். வலது பக்கம் மிஸ்டேக், ஹோம்வொர்க், சாரி, லை. கோடு போட்டு இணைச்சா மார்க்.

மார்க் வந்துடுது. ஆனா அதே பையனோ பொண்ணோ ரெண்டு வருஷம் கழிச்சு இன்டர்வியூவில "ஐ டிட் எ மிஸ்டேக்", "ஹி செட் மீ"ன்னு சொல்றாங்க. இது அவங்க படிக்காததால வந்த பிரச்சினையா, இல்ல அந்தக் கேள்வியோட அமைப்புலயே இருக்கிற பிரச்சினையா? இதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல இந்தக் கருத்து எங்கே இருந்து வந்ததுன்னு பார்ப்போம். ஹெரால்ட் பால்மர்னு ஒரு ஆங்கிலேயர். 1922-ல ஜப்பானுக்குப் போய், அங்கே கல்வித் துறைக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆலோசகரா இருந்தார். ஜப்பான் மாணவர்களுக்குத் தனித்தனிச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சும் வாக்கியம் ஏன் தடுமாறுதுன்னு ஆராய்ச்சி செஞ்ச குழு அவருடையது. 1933-ல டோக்கியோவில அவங்க வெளியிட்ட அறிக்கை முழுக்க ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைப் பத்தினது. அதோட சாரம் எளிமையானது. சில சொற்கள் கூட்டமா வரும்போது, துண்டு துண்டா கத்துக்கிட்டு பிறகு ஒட்ட வைக்க முடியாது. ஒரே சொல் மாதிரி முழுசா கத்துக்கணும்.

பால்மரோடு வேலை செஞ்சவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஆமா, ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி அட்டையில பேர் இருக்குமே, அதே ஹார்ன்பி. அவரும் ரெண்டு சகாக்களும் தயாரிச்ச அகராதி 1942-ல ஜப்பான்லதான் முதல்ல வந்தது. 1948-ல ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபடி வெளியிட்டது. சொல்லுக்குப் பொருள் மட்டும் தராம, அந்தச் சொல் எந்த அமைப்புல, எதோடு சேர்ந்து வரும்னு காட்டினதுதான் அதோட புதுமை.

நம்ம பக்கம் இது புதுசான்னு கேட்டா, இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல கிளவியாக்கம்னு ஒரு இயல். தனித்தனி வினை உள்ள பல பொருள்களை ஒரே பொதுப்பெயரால சொல்றப்போ, அதுல ஒண்ணுக்கு மட்டும் உரிய வினையைப் போடக்கூடாதுன்னு அங்கே ஒரு விதி இருக்கு. உரையாசிரியர்கள் சொல்ற உதாரணம் அடிசில், அதாவது சாப்பாடு. அதுல உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது எல்லாம் இருக்கு. அதனால "அடிசில் தின்றார்" பிழை, "அடிசில் அயின்றார்" சரி. எந்தப் பெயருக்கு எந்த வினைங்கிற கேள்வியை நம்ம இலக்கணம் அப்பவே எடுத்துக்கிட்டது.

இப்போ மதராஸ் மாநிலத்துக்கு வருவோம். 1960 வாக்குல இங்கே ஒரு பெரிய பயிற்சித் திட்டம் நடந்தது. தொடக்க நிலையில ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கிறது இலக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் உதவி பண்ணுச்சு. ஒரு சின்ன குழுவுக்கு முதல்ல பயிற்சி, அவங்க அடுத்த குழுவுக்கு, அந்தக் குழு ஊர் ஊரா இருக்கிற ஆசிரியர்களுக்கு. பனி உருண்டை உருள உருளப் பெருசாகிற மாதிரி. அதனாலேயே "மெட்ராஸ் ஸ்னோபால்"னு பேர். தேனி அப்போ தனி மாவட்டம் இல்லை, மதுரை மாவட்டத்துல இருந்தது.

அந்தப் பயிற்சியோட அடிப்படை, வாக்கிய அமைப்புகளை எளிதுல இருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது. இந்த முறை எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு பார்த்தா நம்ம நாலு வினைகளும் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடும். சே-டெல் வேறுபாடு பெரும்பாலும் வாக்கிய அமைப்பு. மேக்-டூ வேறுபாடு அமைப்பே இல்லை. ரெண்டுக்கும் பின்னாடி ஒரு பெயர்ச்சொல் வரும், அவ்வளவுதான். அதனால அமைப்பைப் பயிற்சி பண்ணினா முதல் ஜோடி வரும், ரெண்டாவது ஜோடி வராது. ஆனா பொருத்துக கேள்வி நாலையும் ஒரே மாதிரி நடத்துது.

முதல்ல சே, டெல். தமிழ்ல ரெண்டுக்கும் "சொல்" ஒண்ணுதான். கேட்கிற ஆளைச் சேர்க்கணும்னா "கிட்ட" போட்டுக்குவோம்: "எங்கிட்ட சொன்னான்." ஆங்கிலத்துல டெல்லுக்குப் பக்கத்துலேயே ஆள் வரணும், நடுவுல எதுவும் கூடாது: "ஹி டோல்ட் மீ." சேக்கு ஆள் தேவையில்லை, போட்டா நடுவுல "டு" வேணும்: "ஹி செட் டு மீ." "செட் மீ", "டோல்ட் டு மீ" ரெண்டுமே இந்த இடத்துல வர்ற பிழைதான். வினைக்கு அடுத்து ஆள் நேரா நிக்கிறாரான்னு பார்த்தா போதும், பெரும்பாலும் பதில் கிடைச்சிடும்.

ஆனா டெல் எ ஸ்டோரி, டெல் எ லை, டெல் தி ட்ரூத், டெல் தி டைம் எல்லாத்துலயும் ஆள் இல்லையே? இதுல சிலதுக்கு வரலாறு கை கொடுக்கும். பழைய ஆங்கிலத்துல டெல்லுக்கு எண்ணுதல்னு ஒரு அர்த்தம் இருந்தது. பேங்க்ல பணம் எண்ணுறவருக்கு டெல்லர்னு பேர் வந்தது அதனாலதான். ஒண்ணு ஒண்ணா எண்ணி வரிசையா எடுத்து வைக்கிறதுதான் கதை சொல்றது. மணி சொல்றதும் எண்ணிச் சொல்றதுதான். உண்மை, பொய் ரெண்டும் பழக்கத்துல அந்தக் கூட்டத்தோட நிக்குது. இது நாலைஞ்சு ஜோடிதான், மனப்பாடம் பண்ணிடலாம்.

இப்போ கஷ்டமான ஜோடி, மேக்-டூ. வகுப்புல சொல்ற விதி: ஏதாவது உருவாக்கினா மேக், வேலை செஞ்சா டூ. மேக் எ கேக், டூ ஹோம்வொர்க் வரைக்கும் இது ஓடும். அப்புறம் மேக் தி பெட். படுக்கையை யாரும் உருவாக்கலை, விரிப்பைச் சரி பண்றாங்க. மேக் எ மிஸ்டேக், மேக் எ கால். டூ டேமேஜ், டூ எ ஃபேவர். விதி இங்கே ஓட மாட்டேங்குது.

ஏன்னா இந்த இடங்கள்ல வினைக்குள்ள அர்த்தம் கிட்டத்தட்ட காலி. முழு அர்த்தமும் பெயர்ச்சொல்லுலதான் இருக்கு. பர்மிங்ஹாம்ல ஜான் சின்க்ளேர் தலைமையில நிஜமான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் கம்ப்யூட்டர்ல சேர்த்து, 1987-ல கோபில்ட் அகராதி கொண்டு வந்தாங்க. மேக், டூ, ஹேவ், டேக், கிவ் மாதிரி ரொம்பச் சாதாரண வினைகள் இப்படிக் காலியா எவ்வளவு அதிகம் வருதுன்னு அந்த மாதிரித் தொகுப்புல தெளிவா தெரிஞ்சது. தமிழ்ல "போன் பண்ணு", "சத்தம் போடு", "குழம்பு வை" மாதிரிதான். குழம்பை ஏன் வைக்கிறோம், தோசையை ஏன் சுடுறோம், டீயை ஏன் போடுறோம்? மூணுக்கும் ஆங்கிலத்துல மேக் ஒண்ணே போதும். அவங்க தமிழ் படிச்சா நம்மளைக் கேட்பாங்க.

சரி, பொருத்துக கேள்வி இதை எப்படி மறைக்குது? அஞ்சுக்கு அஞ்சு பொருத்தம்னு வெச்சுக்கோங்க. நாலு தெரிஞ்சா அஞ்சாவது தானா விழும். மூணு தெரிஞ்சா மிச்ச ரெண்டும் பூவா தலையா: ரெண்டும் சரி, இல்லைன்னா ரெண்டும் தப்பு. நாலு மார்க் எடுக்கவே முடியாது. அதனால அஞ்சுக்கு அஞ்சு எடுத்தவருக்கு மூணு மட்டும் தெரிஞ்சிருக்கலாம்.

இன்னொரு வகை, பத்து பெயர்ச்சொல் கொடுத்து மேக்கா டூவான்னு ரெண்டு கூடையில பிரிக்கச் சொல்றது. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் சராசரியா அஞ்சு சரியா வரும். பத்துக்கு ஆறு எடுத்தவருக்கு என்ன தெரியும்னு அந்த மார்க் சொல்லவே சொல்லாது. அதைவிட முக்கியம், இந்த ரெண்டு வகையிலயும் பதில் கண்ணு முன்னாடியே இருக்கு. பேசும்போது அப்படி இருக்காது. மனசுல "தப்பு பண்ணிட்டேன்"னு தமிழ்தான் வரும். பண்ணுக்கு நேரா டூ வந்து உக்காந்துடும்.

அதனால இதே கேள்வியை வேற மாதிரி எழுதிப் பாருங்க. இடது பக்கம் தமிழ் ஜோடி: தப்பு பண்ணு, உதவி செய், போன் பண்ணு, சேதம் பண்ணு. வலது பக்கம் காலி, பட்டியலே கிடையாது. முழு ஜோடியா எழுதணும்: மேக் எ மிஸ்டேக், டூ எ ஃபேவர், மேக் எ கால், டூ டேமேஜ். இப்போ ஊகம் பண்ண வழியில்லை. எங்கே பண்ணு மேக்கா மாறுது, எங்கே டூவா மாறுதுன்னு ஒரே பக்கத்துல தெரிஞ்சிடும். ஒரு சின்ன வழிகாட்டி மட்டும் உண்டு: தி சேர்ந்து இங்-ல முடியுற வேலைப் பெயர்களுக்கு டூ வரும். டூ தி குக்கிங், டூ தி க்ளீனிங், டூ தி ஷாப்பிங்.

கடைசியா விடைக்குறிப்புக்கும் ஒரு எச்சரிக்கை. "முடிவு எடு"ங்கிறதை அப்படியே டேக் எ டெசிஷன்னு எழுதின மாணவருக்கு, மேக்தான் சரின்னு தப்பு போடுவாங்க. ஆனா பிரிட்டிஷ் ஆங்கிலத்துல டேக் எ டெசிஷனும் உண்டு. "எக்ஸாம் எழுது"ன்னு நாம சொல்றதால ரைட் தி எக்ஸாம்னு பேசுறோம். வட இந்தியாவுல கிவ்னு சொல்றாங்க, லண்டன்ல டேக் இல்லைன்னா சிட். அதனால விடைக்குறிப்பு எந்த ஊர் ஆங்கிலத்தை வெச்சு எழுதினதுன்னு பார்த்துட்டு சிவப்பு மையைத் தொடுறது நல்லது.

உங்க ஊர்ல, உங்க தொழில்ல இப்படி விசித்திரமான வினை ஜோடிகள் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.