வளைகுடா வேலையை முடித்துத் திரும்பும் ஆண்டில் வருமான வரி: எந்த நாட்டுக்கு யார் குடியிருப்பாளர்?

அமீரகத்தில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. அங்கே வேலை பார்க்கும் வரை இந்தியாவிலும் அந்தச் சம்பளத்துக்கு வரி வருவதில்லை. எனவே நமது சகோதரர்கள் பலர் வரிச் சட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். சிக்கல் வருவது ஒரே ஒரு ஆண்டில்தான். வேலையை விட்டு ஊருக்கு வந்து சேரும் ஆண்டு அது. அந்த ஆண்டில் முதல் பாதி வருமானம் துபாயில், மறுபாதி வாழ்க்கை மதுரையில். வரி கேட்கும் உரிமை எந்த நாட்டுக்கு என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். இந்திய வருமான வரிச் சட்டம் ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. அந்த நிதியாண்டில் அவர் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தார் என்பதே முக்கியம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அவர் அந்த ஆண்டுக்கு 'ரெசிடென்ட்', அதாவது குடியிருப்பாளர். பாதி ஆண்டுக்கு மட்டும் குடியிருப்பாளர் என்பது நமது சட்டத்தில் கிடையாது. முழு ஆண்டுக்கும் ஒரே நிலைதான்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கோச்சடையைச் சேர்ந்த மச்சான்கள் இருவர் துபாயில் வேலை பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் 2008இல் போனவர். இளையவர் 2021 ஜூனில் போனவர். இருவரும் 2025 ஆகஸ்ட் 20 அன்று வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஏப்ரல் முதல் அதுவரை இருவரும் தலா 18,75,000 ரூபாய்க்கு இணையான சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 20 முதல் 2026 மார்ச் 31 வரை எண்ணினால் 224 நாட்கள். ஆக, 2025-26 நிதியாண்டில் இருவருமே இந்தியக் குடியிருப்பாளர்கள்.

ஆனால் இருவருக்கும் வரி ஒன்றல்ல. குடியிருப்பாளர்களில் 'சாதாரணமாகக் குடியிராதவர்' என்று ஒரு வகை உண்டு. ஆர்.என்.ஓ.ஆர். என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் என்.ஆர்.ஐ.யாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் மொத்தம் 729 நாட்களுக்கு மிகாமல் இருந்திருந்தாலோ இந்த நிலை கிடைக்கும். இவர்களுக்கு வெளிநாட்டில் சம்பாதித்து வெளிநாட்டிலேயே பெற்ற வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. மூத்தவர் 10 ஆண்டும் வெளிநாட்டில் இருந்தவர். எனவே அவருடைய துபாய் சம்பளத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி வராது.

இளையவர் நான்கு ஆண்டுகள்தான் என்.ஆர்.ஐ. முதல் நிபந்தனை பொருந்தவில்லை. போவதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளும் மதுரையிலேயே இருந்ததால் அந்த நாட்கள் மட்டுமே 1,096. இரண்டாவது நிபந்தனையும் போயிற்று. அவர் முழுக் குடியிருப்பாளர். முழுக் குடியிருப்பாளரின் உலக வருமானம் எல்லாவற்றுக்கும் இந்தியாவில் வரி உண்டு. புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 18,00,000. அதற்கு வரி 1,60,000, செஸ் 6,400, ஆக 1,66,400 ரூபாய். துபாயில் வரி கட்டவில்லை என்பதால் கழித்துக்கொள்ளவும் எதுவுமில்லை.

இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையிலான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இங்கேதான் பயன்படுகிறது. 1992இல் கையெழுத்தான இந்த ஒப்பந்தத்தில் நீண்ட காலம் ஒரு தகராறு இருந்தது. அமீரகத்தில் வரியே கட்டாத தனிநபர், ஒப்பந்தச் சலுகையைக் கேட்க முடியுமா என்பதே கேள்வி. முன்கூட்டிய தீர்ப்புகளுக்கான ஆணையம் 1995இல் முடியும் என்றது, 1999இல் வேறொரு வழக்கில் முடியாது என்றது. 2007 திருத்தம் இதற்கு முடிவு கட்டியது. ஒரு காலண்டர் ஆண்டில் குறைந்தது 183 நாட்கள் அமீரகத்தில் இருந்தவர் அமீரகக் குடியிருப்பாளர் என்று அது எழுதிவிட்டது. வரி கட்டினாரா என்பது கேள்வியல்ல.

நமது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அமீரகக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறது. இளையவர் 2025 ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 19 வரை 231 நாட்கள் அங்கே இருந்தார். ஆகவே அவர் அங்கும் குடியிருப்பாளர், இங்கும் குடியிருப்பாளர். இப்படி இரண்டு நாடும் உரிமை கொண்டாடினால் ஒப்பந்தம் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. நிரந்தர வீடு எங்கே இருந்தது? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்ப உறவும் பொருளாதாரத் தொடர்பும் எங்கே நெருக்கமாக இருந்தன? அதிலும் தெளிவு இல்லையென்றால், வழக்கமாக எங்கே வசித்தார்? கடைசியாக, எந்த நாட்டுக் குடிமகன்?

இளையவர் மனைவி மக்களோடு துபாயில் வாடகை வீட்டில் இருந்து, கோச்சடை வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால், வேலை பார்த்த மாதங்களில் அவருடைய நிரந்தர வீடு துபாயில்தான் என்று வாதிடலாம். அது ஏற்கப்பட்டால், அங்கே செய்த வேலையின் சம்பளத்துக்கு இந்தியா வரி கேட்க முடியாது. குடும்பம் கோச்சடையிலேயே இருந்து, அவர் மட்டும் அறைத் தோழர்களோடு தங்கியிருந்தால் நிலைமை தலைகீழ். வீடு, குடும்பம், சேமிப்பு எல்லாம் இந்தியப் பக்கம் சாய்வதால் ஒப்பந்தம் அவரைக் காப்பாற்றுவது கடினம். நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு ஆவணம் வேண்டும். அமீரகத்தின் ஃபெடரல் வரி ஆணையம் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் தருகிறது. அதற்கு விசா, எமிரேட்ஸ் ஐடி, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சான்று, நாட்டுக்குள் வந்து போன தேதிகளின் அறிக்கை ஆகியவை தேவைப்படும். விசா ரத்தான பிறகு இவற்றைத் திரட்டுவது சிரமம். கிளம்புவதற்கு முன்பே நகல்களை எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்தை நாடாமலேயே தப்பிக்க ஒரு வழி, திரும்பும் தேதியைப் பார்த்துத் தீர்மானிப்பது. அக்டோபர் 1 அன்று வந்தால் மார்ச் 31 வரை சரியாக 182 நாட்கள், அதாவது குடியிருப்பாளர். அக்டோபர் 2 அன்று வந்தால் 181. அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு விடுமுறைக்கு வந்த நாட்கள் இருந்தால் அவற்றையும் கூட்ட வேண்டும். வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பு. இன்னொரு நிபந்தனையும் உண்டு. முந்தைய நான்கு ஆண்டுகளில் இந்தியாவில் மொத்தம் 365 நாட்களோ அதற்கு மேலோ இருந்தவர் நிரந்தரமாகத் திரும்பினால், 60 நாட்களிலேயே குடியிருப்பாளராகிவிடுவார். ஆண்டுக்கு 40 நாள் விடுமுறையில் வந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. கொரோனா போன்ற காரணங்களால் மாதக்கணக்கில் ஊரில் தங்கியவர்கள் பாஸ்போர்ட் முத்திரைகளை எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முழுக் குடியிருப்பாளர் ஆனவர், துபாய் வங்கிக் கணக்கில் மீதம் இருந்தால் அதை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். வரி வராத பணமானாலும் இது கட்டாயம். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடும். அமீரக வங்கிக் கணக்கு விவரங்கள் இந்திய வரித்துறைக்குப் பரிமாறப்படுகின்றன. ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் உள்ள மூத்தவருக்கு அந்தப் பட்டியலை நிரப்பும் கடமை இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 182 நாள் கணக்கும் ஒப்பந்தமும் அப்படியே தொடர்கின்றன. திரும்பத் திட்டமிடுபவர் டிக்கெட் போடுவதற்கு முன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு ஆடிட்டரிடம் போகலாம்: இந்த நிதியாண்டில் இந்தியாவில் இருக்கப்போகும் நாட்கள், முந்தைய நான்கு ஆண்டுகளில் இருந்த நாட்கள், முந்தைய ஏழு ஆண்டுகளில் இருந்த நாட்கள்.