மிஃராஜ் இரவும் அதன் தேதியும்

நபிகள் நாயகம் மக்காவிலிருந்து பைத்துல் முகத்தஸுக்கு இரவோடிரவாக அழைத்துச் செல்லப்பட்டதைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் முதல் வசனத்திலேயே கூறுகின்றது. ஆயினும் அது நிகழ்ந்த மாதத்தையோ நாளையோ அவ்வசனம் குறிப்பிடவில்லை.

845இல் மறைந்த இப்னு ஸஅத் தமது நூலில் இரு வேறு தேதிகளைப் பதிந்துள்ளார். மிஃராஜ் றமழான் 17இலும், இஸ்ரா எனும் இராப் பயணம் றபீஉல் அவ்வல் 17இலும் நிகழ்ந்தனவாம். இன்று பெருவழக்கிலுள்ள றஜப் 27 இவ்விரண்டினுள் எதுவுமன்று. 15ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி இதுபற்றிப் பத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்காட்டினார். முதல் தலைமுறையினர் அவ்விரவை ஆண்டுதோறும் கொண்டாடியிருப்பின் தேதி இவ்வாறு சிதறியிராது என வாதிப்போரின் கூற்று வலுவுடையதே.

எனினும் றஜப் 27 நிலைபெற்றுவிட்டது. இஸ்லாமிய நாள் சூரியன் மறைவில் தொடங்குவதால், 26ஆம் நாள் மாலை மறைந்ததும் அவ்விரவு தொடங்குகின்றது. துருக்கியில் பள்ளிவாசல் மினாராக்கள் ஒளியூட்டப்படுகின்றன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பயான்கள் நடைபெறுகின்றன. ஆலிப் புலவரின் மிஃராஜ் மாலை இம்மரபு தமிழில் வேரூன்றியமைக்குச் சான்று.

விவாதம் நிகழ்ச்சியைப் பற்றியதன்று. ஐவேளைத் தொழுகை அவ்விரவிலேயே கடமையாயிற்று என்பதில் பிணக்கில்லை. அவ்விரவுக்கெனத் தனித் தொழுகையும் மறுநாளுக்கெனத் தனி நோன்பும் உண்டா என்பதே வினா. றஜபுக்குரிய தனி நோன்பு, தனி இரவு வணக்கம் ஆகியவற்றுக்கு ஆதாரமாகக்கூடிய நம்பகமான ஹதீஸ் இல்லையென இப்னு ஹஜரே தனி நூலொன்றில் எழுதினார். இவற்றை பித்அத் என விலக்குவோர் அதனையே எடுத்தாளுகின்றனர். மற்றோரோ, பயான் கூட்டம் வணக்கமுறையன்று, போதனையே. அதற்கு நாள் குறிப்பது குற்றமாகாது என்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கருதாமல் கூட்டத்தையும் தனித் தொழுகையையும் ஒன்றாக வைத்துப் பேசுவதனாலேயே பல ஊர்களில் இப்பிணக்கு தீராதிருக்கின்றது.