பன்மொழி ஒலித்தடங்கள் (தொலைக்காட்சி)

ஒரே படத்துடன் பல மொழிகளின் ஒலியைச் சேர்த்து அனுப்பி, வேண்டிய மொழியைப் பெறும் முனையில் தேர்ந்துகொள்ளும் ஒளிபரப்பு முறை. பேச்சுவழக்கில் 'தமிழ் ஆடியோ', 'இந்தி ஆடியோ' என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது ஒலியை அனுப்புவது அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. அந்த ஒலி என்ன மொழி என்பதைக் கருவிக்கு எப்படித் தெரிவிப்பது, தேர்ந்தெடுக்கும் உரிமை யார் கையில் இருப்பது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இதன் வரலாறு நகர்கிறது.

ஜப்பானில் 1978-இல் இரட்டை ஒலி ஒளிபரப்பு தொடங்கியது. அமெரிக்காவில் 1984-இல் வந்த ஸ்டீரியோ முறையில் இரண்டாம் ஒலிக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டது. அது பெரும்பாலும் ஸ்பானிய மொழிக்குப் பயன்பட்டது. இந்த முன்னோடிகளில் நுட்பமாகப் பார்க்க வேண்டியது மேற்கு ஜெர்மனியில் 1981-இல் அறிமுகமான முறை. அங்கே வழக்கமான ஒலி அலை படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருந்தது. அதற்குச் சற்று மேலே, 5.742 மெகாஹெர்ட்ஸில், இரண்டாவது ஒலி அலையை வைத்தார்கள். இந்த இரண்டாவது அலை ஸ்டீரியோ இசையின் ஒரு பாதியாகவும் இருக்கலாம், வெளிநாட்டுப் படத்தின் மூலமொழியாகவும் இருக்கலாம். பெட்டிக்கு அது எப்படித் தெரியும்? அதற்காகக் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத் தொனியைக் கூடவே அனுப்பினார்கள். அதில் 117.5 ஹெர்ட்ஸ் இருந்தால் ஸ்டீரியோ, 274.1 ஹெர்ட்ஸ் இருந்தால் இரண்டு மொழி, எதுவும் இல்லாவிட்டால் ஒற்றை ஒலி. ஒலியோடு அதன் பெயர்ச்சீட்டையும் சேர்த்து அனுப்பும் இந்த எண்ணம்தான் இன்றைய முறைக்கும் அடிப்படை. ஆனால் அன்றைய சீட்டு 'இரண்டு மொழி' என்று மட்டுமே சொல்லும். எந்த மொழிகள் என்று சொல்லாது.

ஐரோப்பாவில் அனலாக் செயற்கைக்கோள் காலத்தில் ஒரே படத்துடன் பல துணை ஒலி அலைகளை அடுக்கி அனுப்ப முடிந்தது. 1989-இல் தொடங்கிய யூரோஸ்போர்ட் ஒரே ஆட்டத்துக்குப் பல மொழி வர்ணனைகளைக் கொடுத்தது இவ்வழியில்தான். பார்ப்பவர் தம் மொழிக்குரிய அதிர்வெண்ணைத் தெரிந்துவைத்து, ரிசீவரில் தாமே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தியக் கேபிள் வீடுகளில் அந்த வசதியும் இருக்கவில்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் சேனலில் பல மொழிகள் இருந்தாலும், ஹெட்எண்டில் உள்ள ரிசீவரிலிருந்து ஒரே ஒரு ஒலிதான் கம்பியில் ஏறும். ஆபரேட்டர் எதைத் திருகி வைத்தாரோ அதுவே ஊர் முழுவதற்கும். பக்கத்து ஊரில் வனவிலங்குகள் தமிழில் விவரிக்கப்பட, இந்த ஊரில் ஆங்கிலத்தில் ஓடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சில சேனல்கள் இடது ஒலியில் ஒரு மொழியும் வலது ஒலியில் இன்னொன்றுமாக அனுப்புவதும் உண்டு. அதை ஸ்டீரியோ என்று எண்ணி அப்படியே விட்டால் இரண்டு மொழிகளும் ஒன்றாக ஒலிக்கும். ஒரு ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றியதும் ஒரே மொழி தெளிவாகக் கேட்டால், கோளாறு இதுதான்.

இந்த வீடுகளில் தேர்வைப் பார்வையாளர் கைக்குக் கொண்டுவந்தது 1990-களின் நடுவில் உருவான எம்பெக்-2 டிஜிட்டல் முறை. இதில் படமும் ஒவ்வொரு மொழி ஒலியும் 188 பைட் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, தனித்தனி எண்ணுடன் ஒரே ஓடையில் கலந்து போகும். எந்த எண் எதற்கு உரியது என்று சொல்லும் சிறு அட்டவணை நொடிக்குப் பல முறை வந்துகொண்டே இருக்கும். மூன்று மொழிச் சேனல் ஒன்றின் அட்டவணையைச் சுருக்கினால், உதாரணத்துக்கு, இப்படி இருக்கும்:

```
0x0101  video
0x0102  audio  eng
0x0103  audio  hin
0x0104  audio  tam
```

கடைசியில் உள்ள மூன்றெழுத்துதான் மொழியின் குறி. பயனர் செட்டாப் பாக்ஸில் தமிழை விருப்பமொழியாக வைத்திருந்தால், சேனல் மாறியதும் பெட்டி இந்தப் பட்டியலில் `tam` இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் 0x0104 பொட்டலங்களை மட்டும் எடுத்து ஒலியாக்கும். இல்லையென்றால் பெரும்பாலான பெட்டிகள் முதலில் உள்ள ஒலிக்குப் போய்விடும். பெட்டி ஒலியைக் கேட்டு மொழியை அறிவதில்லை, சீட்டை மட்டுமே நம்புகிறது. குறியீட்டுக் கருவியில் ஒருவர் மூன்றாவது ஒலிக்கும் `eng` என்று விட்டுவிட்டால், தமிழ் ஒலி பழுதின்றி வந்துகொண்டிருந்தாலும் திரையில் 'ஆங்கிலம்' இரண்டு முறை தெரியும். ரிமோட்டின் ஆடியோ பொத்தானை அழுத்தி இரண்டாவது ஆங்கிலத்தைத் தேர்ந்தால் தமிழ் பேசும். தவறு சீட்டில் மட்டும் என்று இதிலிருந்து தெரிந்துவிடும்.

வழியில் தடம் தொலைவதும் நடக்கிறது. ஒரு ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு ஏறத்தாழ 128 முதல் 192 கிலோபிட் போதும். படத்துக்குத் தேவைப்படுவதில் இது சிறு பங்கு. இருந்தாலும் நூற்றுக்கணக்கான சேனல்களை ஒரு கம்பியில் நெருக்கும் இடத்தில் கூடுதல் மொழிகள் வெட்டப்படலாம். டிடிஎச்சில் கிடைக்கும் தமிழ், அதே சேனலில் கேபிளில் இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சேனலை அல்ல, ஹெட்எண்டை.

நேரலை விளையாட்டில் சிக்கல் வேறு வகையானது. மைதானத்திலிருந்து படத்துடன் வர்ணனை கலக்காத பொது ஒலி வரும்: மட்டையில் பந்து படும் சத்தம், கூட்டத்தின் ஆரவாரம். ஒவ்வொரு மொழி வர்ணனையாளரும் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துப் பேச, அவர் குரல் இந்தப் பொது ஒலியின் ஒரு நகலோடு கலக்கப்படுகிறது. எச்டி படக் கம்பியில் 16 ஒலி வழிகள் உண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் எட்டு ஸ்டீரியோ மொழிகள். ஆனால் ஒவ்வொரு மொழியும் தனித்தனி மிக்ஸர் வழியாகப் போவதால் தாமதமும் தனித்தனியாக ஏறும். ஒலி படத்தை 40 மில்லிநொடிக்கு மேல் முந்தவும் 60 மில்லிநொடிக்கு மேல் பிந்தவும் கூடாது என்பது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கோளாறு எங்கே என்று அறிய வர்ணனையாளரின் உதட்டைக் கவனித்துப் பயனில்லை, அவர் திரையில் இல்லை. மட்டையின் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். அது எல்லா மொழியிலும் பிந்தினால் பிழை பொதுப் பாதையிலோ வீட்டுப் பெட்டியிலோ இருக்கிறது. தமிழில் மட்டும் பிந்தினால் தமிழ்க் கலவையில் இருக்கிறது.

இத்தனை வசதிக்கும் மீறமுடியாத ஓர் எல்லை உண்டு: படம் ஒன்றுதான். தமிழில் கேட்பவருக்கும் திரையின் எழுத்துகளும் விளம்பரப் படங்களும் மற்றவர்களுக்கு வருபவையே. சென்னைக் கடைக்காரர் தமிழ்க் கேட்போருக்கு மட்டும் விளம்பரம் தர வழியில்லை. ஆகவே சந்தை பெருத்ததும் ஒலித்தடம் தனிச் சேனலாகப் பிரிவது இயல்பாயிற்று. டிஸ்கவரி 2011-இல் தமிழுக்குத் தனிச் சேனல் தொடங்கியது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் வந்தது. பார்வையாளருக்கு எழுத்தும் தமிழாயிற்று. ஆனால் ஒலித்தடம் கேட்ட சிறு இடத்துக்குப் பதில் முழுச் சேனலின் அலைவரிசை செலவாயிற்று.

இணையத்தில் ஆப்பிள் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறை, பின்னர் ஒலியைப் படத்திலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளாக வைக்கவும் இடம் தந்தது. பட்டியல் கோப்பில் ஒரு வரி இப்படி அமையும்:

```
#EXT-X-MEDIA:TYPE=AUDIO,GROUP-ID="a",NAME="தமிழ்",LANGUAGE="ta",AUTOSELECT=YES,URI="ta.m3u8"
```

இங்கே மொழியின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே தர முடிகிறது. தேர்ந்த மொழியின் கோப்பு மட்டுமே இறங்குவதால், மொழிகள் கூடினாலும் பார்ப்பவரின் டேட்டா கூடுவதில்லை. ஐபிஎல் ஆட்டங்களை 2023-இல் ஜியோசினிமா போஜ்புரி உட்பட 12 மொழிகளில் தந்தது. கேபிளில் இடமில்லை என்று விடப்பட்டிருக்கக்கூடிய மொழிகளும் அதில் இருந்தன.