பாறை அடுக்கு பார்க்கக் குவாரி மேலாளருக்கு எழுதிய ஒரு கடிதம்



பழைய ஃபைல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது 1987-ஆம் வருடத்துக் கார்பன் பிரதி ஒன்று கிடைத்தது. கல்லக்குடி வட்டாரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் மேலாளருக்கு நான் எழுதிய கடிதம். உங்களில் இப்போது ஆசிரியராக இருக்கும் இரண்டு பேர், "சார், பசங்களைக் குவாரிக்குக் கூட்டிப்போக எப்படிக் கேட்பது?" என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். அதனால் கடிதத்தையும், அதில் ஒவ்வொரு வரியும் எதற்காக என்பதையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. பல்லடம், காங்கேயம் பக்கம் கண் போகும் இடமெல்லாம் கல்குவாரி இருக்கும்போது, 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போக வேண்டுமா? அப்போது தலைமையாசிரியரும் இதையேதான் கேட்டார்.

நம்மூர்க் குவாரியில் வெட்டிய முகத்தைப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு கோடாக இருக்கும். பார்த்தவுடன் அடுக்கு என்றுதான் தோன்றும். அது அடுக்கு அல்ல. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பழைய பாறை பிசையப்பட்டு, வெளிர் தாதுக்கள் ஒரு பக்கமும் கரிய தாதுக்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வந்த வரிகள் அவை. இந்த வகைப் பாறைக்கு நைஸ் என்று பெயர். பரோட்டா மாவை இழுத்து மடித்தால் வரி வருகிறதே, அது மாதிரி. அந்த வரி வளைந்து, மடிந்து, தன்மேலேயே சுருண்டு போகும். கீழ் வரி மூத்தது, மேல் வரி இளையது என்று அதில் சொல்லவே முடியாது.

"அப்படியானால் மதுக்கரை போகலாமே, அங்கே சுண்ணாம்புக்கல் உண்டே" என்றார் அவர். உண்டு. ஆனால் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் அதே சூட்டில் வெந்து, சர்க்கரைக் கட்டி போலப் படிகமாகிவிட்ட கல். தவிர, அது உண்டான காலத்தில் உலகத்தில் சிப்பி, நத்தை என்ற இனமே பிறந்திருக்கவில்லை. சிமெண்டுக்கு அது அருமையான கல், நம் பாடத்துக்கு உதவாது.

நமக்கு வேண்டியது கடலடியில் சேறும் மணலும் சிப்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பிறகு அதிகம் வேகாமல் அப்படியே கல்லான இடம். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய இடம் ஊட்டத்தூர், கல்லக்குடி, கருடமங்கலம், அரியலூர் பகுதி. கல்லக்குடி என்றதும் பெரியவர்களுக்கு 1953 ரயில் மறியல் ஞாபகம் வரும். டால்மியாபுரம் என்ற ஸ்டேஷன் பெயரை மாற்றச் சொல்லி நடந்ததுதானே. அந்த ஊரில் சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணமே இந்தக் கடல்கல்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது, அதில் பவளம் வளர்ந்தது.

இதைக் கண்டுபிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840-களில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தென்னிந்தியாவில் கிடைத்த சிப்பிக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். ஆனால் பெட்டியில் வந்த சிப்பிக்கு வயது வரிசை தெரியாது. எது எதற்குக் கீழே கிடந்தது என்று இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். அந்த வேலையைச் செய்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இருபதுகளில் இருந்த இளைஞர், இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்தவர். 1862-ல் அவருடைய அறிக்கை வந்தது. அவர் காலத்தில் அங்கே சிமெண்ட் குவாரி எதுவும் இல்லை. ஓடைக் கரைகளை நடந்து நடந்து பார்த்தார். பாறைப் படுகைகள் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிந்திருப்பதைக் கவனித்தார். அப்படியானால் மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் பழைய படுகையிலிருந்து புதிய படுகைக்கு ஏறிப்போகிறோம் என்று பொருள். மேற்கே கீழடுக்குக்கு ஊட்டத்தூர் என்றும், நடுவில் திருச்சிராப்பள்ளி என்றும், கிழக்கே மேலடுக்குக்கு அரியலூர் என்றும் பெயர் வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் புத்தகங்களில் நம் ஊட்டத்தூர் பெயர் இருக்கிறது. (இதே பிளான்ஃபோர்ட்தான் பிறகு இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஆனார். பருவமழைக் கணிப்புப் பாடத்தில் வருகிறவர்.)

இனி கடிதம். அப்படியே தருகிறேன், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: மாணவர்கள் பாறை அடுக்குகளைக் காண அனுமதி வேண்டுதல்.

வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 32 பேர் பாறைகளைப் பற்றிப் படித்து வருகிறார்கள். அடுக்குப் பாறையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. தங்கள் குவாரியில் வேலை முடிந்து கைவிடப்பட்ட பள்ளம் ஏதேனும் இருந்தால், அதன் ஒரு முகத்தைப் பாதுகாப்பான தொலைவில் நின்று காண அனுமதி வேண்டுகிறேன். வேலை நடக்கும் பகுதிக்குள் நாங்கள் வரமாட்டோம். வெடி வைக்காத நாளையும் நேரத்தையும் தாங்களே குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் முகத்தில் ஏறவோ, தட்டவோ மாட்டார்கள். கீழே ஒதுக்கிப் போட்ட கல்லில் சில துண்டுகள் மட்டும் தந்தால் போதும். அடியில் உள்ள பழைய கற்பாறையின்மேல் சுண்ணாம்புக்கல் அமர்ந்திருக்கும் இடம் எங்கேனும் தெரிந்தால், அதைக் காட்டும்படி சிறப்பாக வேண்டுகிறேன். நான்கு ஆசிரியர்கள் உடன் வருவோம். பெற்றோர் ஒப்புதல் பெற்றுள்ளோம்."

"கைவிடப்பட்ட பள்ளம்" என்று ஏன் கேட்டேன்? சுரங்கச் சட்டம் 1952-ல் 45-ஆம் பிரிவு என்று ஒன்று அப்போது இருந்தது. 1983-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சுரங்க வேலை நடக்கும் எந்த இடத்திலும் 18 வயது நிறையாதவர் இருக்கவே கூடாது என்று அது சொன்னது. வேலை செய்வது மட்டுமல்ல, சும்மா நிற்பதும் கூடாது என்றிருந்தது. குழந்தைகளைக் கல்லுடைக்க வைக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். திறந்தவெளிக் குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். ஆகவே "உங்கள் குவாரியைச் சுற்றிப் பார்க்க வேண்டும்" என்று பொதுவாக எழுதினால், ஒழுங்கான மேலாளர் முடியாது என்றுதான் பதில் போடுவார். போடாமல் வாங்க என்று சொல்கிறவர் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்கு மனம் வராது.

முதலாளிக்கு எழுதாமல் மேலாளருக்கு எழுதியதும் அதே காரணம்தான். சட்டப்படி சுரங்கத்துக்குத் தகுதிபெற்ற மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும். உள்ளே நடப்பதற்கு அவர்தான் பொறுப்பு. முதலாளி வாய்மொழியாகச் சரி என்றாலும், ஒரு கல் உருண்டால் கோர்ட்டில் நிற்பவர் அவர். அவருக்குச் சங்கடம் வராதபடி கேட்டால் அவரும் மனம் வைப்பார். அவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லி, பழைய பள்ளம் ஒன்றைக் குறிப்பிட்டு, முகத்திலிருந்து தள்ளிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவைப்பதாகவும் அதைத் தாண்டக் கூடாது என்றும் பதில் எழுதியிருந்தார். வெட்டி விட்ட முகத்தில் மழைக்குப் பிறகு கல் தானாகவே கழன்று விழும். அந்தக் கோடு அதற்குத்தான்.

போவதற்கு முன் வகுப்பில் ஒரு நாள் பாடம் எடுத்தேன். பாதிப் பேர் வீட்டில் பனியன் கம்பெனி வேலை. கட்டிங் டேபிளில் துணி விரிப்பதைச் சொன்னேன். முதலில் விரித்த துணி எங்கே இருக்கும்? அடியில். கடைசியாக விரித்தது? மேலே. அறுபது விரிப்பு போட்டு மாஸ்டர் வெட்டிய பிறகு, வெட்டுமுகத்தைப் பார்த்தே எந்தக் கலர் முதலில் வந்தது என்று சொல்லலாம். ஸ்டெனோ என்பவர் 1669-ல் பாறைக்குச் சொன்ன விதி இதுதான். நம்ம பிள்ளைகளுக்கு அது ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

குவாரியில் ஒரு சிக்கல் உண்டு, இதை மட்டும் ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குவாரியைப் படிக்கட்டு மாதிரித்தான் வெட்டுவார்கள், முகம் சரியாமல் இருக்க. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் படிகளே அடுக்கு மாதிரித் தெரியும். ஆனால் அவை மனிதன் வெட்டியவை. உண்மையான அடுக்கை எப்படிக் கண்டுகொள்வது? நிறமோ, மணலின் பருமனோ, சிப்பியின் வகையோ மாறும் கோடு எது என்று பார்க்க வேண்டும். அந்தக் கோடு படியை மதிக்காது. ஒரு படியின் சுவரில் தொடங்கிச் சாய்வாக இறங்கி அடுத்த படிக்குப் போய்விடும். வெட்டுப்படி மட்டமாக இருக்கும், பாறை அடுக்கு லேசாகக் கிழக்கே சரியும். படம் வரையச் சொன்னபோது பத்துப் பன்னிரண்டு பேர் படிகளைத்தான் வரைந்தார்கள். "உங்க கோடு எங்கே சாயுது காட்டு கண்ணு" என்று கேட்டதும் அவர்களே அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள்.

மேலாளர் அய்யா கடைசியில் எங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே அடியில் நம்மூர் நைஸ், அதே வெள்ளை கறுப்பு வரிக்கல். அதன்மேல் நேராகக் கடல்கல். நைஸின் உருண்டைத் துண்டுகள் சில, கடல்கல்லின் அடிப்பகுதிக்குள் பதிந்து கிடந்தன. அலை உடைத்து உருட்டிய கல். நைஸ் ஆழத்தில் வெந்து உருவாகி, மேலிருந்த மலையெல்லாம் தேய்ந்து அது வெளியே வந்து, பிறகுதான் அதன்மேல் கடல் ஏறியது. கீழ்க்கல்லுக்கு வயது 200 கோடி ஆண்டுக்கு மேல், மேல்கல்லுக்கு 10 கோடி. நடுவில் எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் ஒரு பக்கம்கூட மிச்சமில்லை. ஒரு பெண், "சார், அப்ப டேபிள்ல பழைய துணியை எல்லாம் எடுத்துட்டுப் புதுசா விரிச்சிருக்காங்க" என்றாள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு ஒன்று. கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளமாகிவிடும். அடியில் உள்ள பழைய கல் தண்ணீருக்குள் போய்விடும், கரையும் ஆபத்து. எனவே மழைக்கு முன்னால் போங்கள். கடிதத்தில் "தண்ணீர் எந்த அளவில் இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். என் கடிதத்தில் அது இல்லை, அந்த வருடம் அங்கே தண்ணீரும் இல்லை.