ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறலாமா: கழிவு வீதம் யாருடையது?

மத்திய அரசுப் பணியிலிருந்து 60 வயதில் ஓய்வு பெறுபவர் தம் அடிப்படை ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகை பெறலாம். அந்த வயதுக்கான காரணி 8.194. ஓய்வூதியம் 40,000 ரூபாய் என்றால் 16,000 ரூபாயைத் தொகுக்கலாம். கைக்கு வருவது 15,73,248 ரூபாய். பிடித்தம் 15 ஆண்டுகள் தொடரும். அகவிலை நிவாரணம் முழு ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படுவதால், மாத இழப்பு 16,000 என்ற அளவிலேயே நிற்கும்.

15 ஆண்டுப் பிடித்தம் 28,80,000 ரூபாய் ஆகிறது. இதைக் காட்டி, கம்யூட்டேஷன் நஷ்டம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பதினைந்தாம் ஆண்டு ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒன்றாகக் கூட்டுவதால் வரும் பிழை இது. இரு பக்கமும் சமமாகும் வட்டி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சதவீதம். தம் பணம் அதற்குமேல் ஈட்டும் என்பவர் தொகையை வாங்கலாம். வங்கி வைப்பில் 7 சதவீதத்துக்குப் போடப்போகிறவருக்கு அந்த 180 மாதத் தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 17.80 லட்சம், அவர் வாங்காமலிருப்பதே மேல்.

ஆனால் இது வருமான வரி கட்டாதவரின் கணக்கு. அரசு ஓய்வூதியரின் தொகுப்புத் தொகைக்கு வரி இல்லை; மாத ஓய்வூதியத்துக்கு உண்டு. வாடகையும் சேர்ந்து 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர், மேல்வரியையும் சேர்த்தால், உண்மையில் இழப்பது மாதம் 12,672 ரூபாய்தான். சமநிலை வீதம் 5.3 சதவீதமாக இறங்குகிறது. அவருடைய வைப்பு வட்டியும் வரி போக 5.544 சதவீதமே. அந்த வீதத்தில் கழித்தால் தவணைகளின் மதிப்பு 15.46 லட்சம். முடிவு தலைகீழாகிறது, மிகச் சிறிய வித்தியாசத்தில். வரியை ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டு மறுபக்கத்தை மறப்பதே இந்தக் கணக்கில் நான் அதிகம் காணும் தவறு.

ஆயுளும் கணக்கில் வரவேண்டும். ஓய்வூதியர் இறந்தால் பிடித்தம் நின்றுவிடும். குடும்ப ஓய்வூதியம் குறையாது. பத்தாம் ஆண்டின் முடிவில் இறப்பு நேர்ந்தால், வரி கட்டாதவருக்கும் சமநிலை வீதம் 4.1 சதவீதமாகிவிடும். ஆகவே கடும் நோயுள்ளவர் 9 சதவீதத்தை அளவுகோலாகக் கொள்ளவே கூடாது.

ஒருவருக்கு ஒரே கழிவு வீதம்தான் என்ற எடுகோளையும் நான் ஏற்கவில்லை. வரி கட்டாத ஒருவருக்கு 14 சதவீத வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன் இருக்கிறது என்று கொள்வோம். அந்த 5 லட்சம் வரை அவருடைய வீதம் 14. அதற்கு மேற்பட்ட பணம் வைப்புக்குப் போவதால் அதன் வீதம் 7. விதி 40 சதவீதத்தை உச்சவரம்பாகத்தான் வைக்கிறது, குறைவாகவும் தொகுக்கலாம். 13 சதவீதம் தொகுத்தால் மாதம் 5,200 ரூபாய் குறையும். கைக்கு சுமார் 5.11 லட்சம் வரும். கடன் அடையும், மீதி 27 சதவீதம் ஓய்வூதியமாகவே தொடரும்.